எலுமிச்சைப்புல் எண்ணெய் குறைந்தது ஏன்?

"பூத்தபின் அறுத்த 100 கிலோ புல், இரண்டு நாள் வெயிலில் காய்ந்து 60 கிலோ ஆனது. அதில் 180 கிராம் எண்ணெய்தான் வந்தது. முன்பு அதே எடை இளம்புல்லைப் பச்சையாகவே வடித்தபோது 300 கிராம் கிடைத்தது. எங்கே தவறு?"

வணக்கம். 60 கிலோவில் 180 கிராம், அதாவது காய்ந்த எடைக்கு 0.3 சதவீதம் என்பது ஏமாற்றும் கணக்கு. அறுத்த எடைக்கு அது 0.18 சதவீதமே. உலரும்போது நீர் போவதால் சதவீதம் உயர்ந்து தெரியுமே தவிர, எண்ணெய் புதிதாக உருவாவதில்லை.

இழப்பு இரண்டு வழிகளில் நேர்ந்திருக்கும். இலைத் திசுவின் தனிச் செல்களில் சேரும் எண்ணெய் இளம் இலையில் செறிவாக இருக்கும். இலை முதிர முதிர நார் பெருகி, எடைக்கு எண்ணெய் குறையும். அடுத்தது வெயில்: வெப்பத்தில் எண்ணெயின் ஒரு பகுதி ஆவியாகும், அதன் முக்கிய மணப்பொருளான சிட்ரால் காற்றுபட்டுச் சிதையும்.

எனினும் வாட்டுவதையே கைவிட வேண்டாம். நிழலில் மெல்லியதாகப் பரப்பி ஒரு நாள் வாட்டினால், இழப்பு மிகக் குறைவாகவும், வடிகலனில் கூடுதல் புல் கொள்வதால் எரிபொருள் மிச்சமாகவும் இருக்கும். அடுத்த முறை பூக்கும் முன்பே அறுத்து, ஒரே அறுவடையைச் சம எடையில் இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பச்சையாகவும் மற்றதை நிழலில் வாட்டியும் வடித்து, இரண்டையும் அறுத்த எடைக்கே கணக்கிடுங்கள். இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்து, 0.3 சதவீதத்தையும் எட்டினால், உங்கள் கலனில் குறையில்லை.