பசு தாய் என்றால் எருமை யார்? – கேள்வி பதில்

கேள்வி: பால் தருவதால் பசுவைத் தாய் என்கிறோம் என்று என் மகளிடம் சொன்னேன். "எருமையும்தானே தருகிறது, அது ஏன் தாய் இல்லை?" என்று கேட்டுவிட்டாள். என்ன பதில் சொல்வது?

உங்கள் மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். பால், சாணம், உழவு என்று பயன்களை அடுக்கிப் பசுவின் பெருமையை விளக்குகிற எல்லோரும் இந்த எருமையிடம்தான் மாட்டிக்கொள்வார்கள். எருமைப் பாலில் கொழுப்பு அதிகம். எருமைக்கடா சேற்று வயலில் உழும். சாணமும் குறைவில்லை.

மார்வின் ஹாரிஸ் என்ற மானிடவியலாளர் 1966-இல் இதற்குப் பொருளாதாரக் காரணம் சொன்னார். வறட்சியில் பசியைத் தாங்கி நின்று அடுத்த உழவுக்கு எருதை ஈன்று தருவது பசுதான். அதை வெட்டித் தின்றுவிட்ட குடியானவனுக்கு மறு ஆண்டு ஏர் இருக்காது. ஆகவே பசுவைக் கொல்லக்கூடாது என்ற தடை உழவனின் வயிற்றைக் காத்தது என்பது அவர் வாதம். ஓரளவு உண்மை. ஆனால் இது பசுவை ஏன் கொல்லாமல் வைத்திருந்தார்கள் என்பதைத்தான் சொல்கிறது. ஏன் விழுந்து கும்பிட்டார்கள் என்பதைச் சொல்லவில்லை.

நம்பிக்கையாளர்களின் சொந்த விளக்கம் வேறு இடத்தில் தொடங்குகிறது. வேள்விக்கு இரண்டு வேண்டும்: மந்திரம், ஆகுதி. "அந்தணரும் பசுவும் ஒரே குலம், இரண்டாகப் பிரிந்தது; ஒன்றில் மந்திரம் தங்கியது, மற்றொன்றில் அவிப்பொருள் தங்கியது" என்று ஒரு பழைய சுலோகம் உண்டு. நெருப்பில் சொரியும் நெய் பசுவின் நெய். அந்த நெய் இல்லாமல் தேவர்களுக்கு உணவு இல்லை, தேவர்களுக்கு உணவு இல்லாமல் மழை இல்லை. இந்தச் சங்கிலியில் பசு ஒரு கண்ணி, எருமை இல்லை. புராணத்திலும் எருமைக்கு வாய்த்தது மகிஷாசுரனின் உருவமும் எமனின் வாகனப் பதவியும்தான். பாவம்.

இது வெறும் சமாளிப்பு இல்லை என்பதற்கு நீலகிரியில் ஒரு சான்று இருக்கிறது. தோடர்களுக்கு எருமைதான் புனிதம். அவர்களுடைய கோயிலே ஒரு பால்மனை; அங்கே பால் கறப்பதும் மோர் கடைவதும் பூசாரியின் வழிபாட்டு வேலை. ஆக, பாலைவிட அந்தப் பால் யாருடைய சடங்குக்குள் போகிறது என்பதே பெரிய காரணம். மகளிடம் தோடர்களைப் பற்றிச் சொல்லுங்கள். அடுத்த கேள்வி இன்னும் கடினமாக வரும், தயாராக இருங்கள்.

கேள்வி: பசுவின் உடலில் முப்பத்து முக்கோடி தேவர்கள் இருப்பது உண்மையா? பூசையில் பின்பக்கத்தைத் தொட்டுக் கும்பிடுவது ஏன்?

உண்மையா என்பது நம்பிக்கையைப் பொறுத்தது. பின்பக்கத்துக்குக் கதை இருக்கிறது, மகாபாரதம் அனுசாசன பருவத்தில். அழகான பெண்ணாக லட்சுமி பசுக்களிடம் வந்து, உங்களிடம் குடியிருக்க வேண்டும் என்று கேட்கிறாள். பசுக்கள் மறுத்துவிடுகின்றன: "நீ ஓரிடத்தில் நிற்காதவள், எங்களுக்கு வேண்டாம்." நீங்கள் தள்ளினால் உலகமே என்னை இகழும், உங்கள் உடலில் அருவருக்கத்தக்க இடம் எதுவும் இல்லை, எங்காவது ஓரிடம் கொடுங்கள் என்று அவள் மன்றாடுகிறாள். பசுக்கள் கலந்து பேசிவிட்டுச் சாணத்தையும் கோமூத்திரத்தையும் தருகின்றன. அவள் மகிழ்ந்து ஏற்கிறாள்.

கதையில் கெஞ்சுவது யார், பெரிய மனது பண்ணுவது யார் என்று பாருங்கள். செல்வத்தின் தெய்வமே பசுவிடம் இடம் கேட்டு நிற்கிறாள். சாணம் தெளித்து மெழுகிய வாசலில் லட்சுமி வருவாள் என்று பாட்டிமார் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கதை இது.

கேள்வி: கோமூத்திரம் குடித்தால் புற்றுநோய் தீருமா?

மருத்துவரிடம் போங்கள். இன்றே.

கேள்வி: வேத காலத்தில் பசுவதையே கிடையாது. எல்லாம் வெள்ளைக்கார மொழிபெயர்ப்பாளர்கள் கிளப்பிவிட்ட கதை. நீங்களாவது தெளிவாகச் சொல்லக் கூடாதா?

பாதி சரி. ரிக்வேதம் எட்டாம் மண்டலம், 101-ஆம் சூக்தத்தில் பசுவை ருத்திரர்களின் தாய், வசுக்களின் மகள், ஆதித்தியரின் சகோதரி என்று சொல்லி, குற்றமற்ற அவளைக் கொல்லாதே என்று வருகிறது. இதை எந்த வெள்ளைக்காரரும் மறைக்கவில்லை.

மறுபாதியைப் பவபூதியிடம் கேளுங்கள். எட்டாம் நூற்றாண்டுக் கவி, வெள்ளைக்காரர் இல்லை. அவருடைய உத்தரராமசரிதம் நான்காம் அங்கத்தில் வால்மீகி ஆசிரமத்து மாணவர் இருவர் பேசிக்கொள்கிறார்கள். வந்திருப்பவர் வசிட்டர் என்று தெரிந்ததும் ஒருவன், "நான் ஏதோ புலியோ ஓநாயோ என்று நினைத்தேன், வந்ததும் அந்தக் கிடாரிக் கன்றை மடமடவென்று தின்றுவிட்டாரே" என்கிறான். மற்றவன், விருந்தினருக்குத் தரும் மதுபர்க்கம் இறைச்சியோடு இருக்க வேண்டும் என்பது விதி என்று விளக்குகிறான். அப்படியானால் சனகருக்கு மட்டும் தயிரும் தேனும் கொடுத்துக் கன்றை விட்டுவிட்டார்களே என்று முதல்வன் மடக்குகிறான். சனகர் இறைச்சியைத் துறந்தவர் என்று பதில் வருகிறது.

இந்தக் காட்சியில் இரண்டு வழக்கமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பவபூதியின் அவையில் இருந்தவர்களுக்கு அந்தப் பழைய விதி தெரியும். அது கொஞ்சம் சங்கடமாகவும் இருந்திருக்கிறது. அதனால்தான் சிரிப்பு.

என் வழக்கமான எச்சரிக்கை: "வேதத்தில் இருக்கிறது" என்று யார் சொன்னாலும், என் போன்றவர்கள் சொன்னாலும், எந்த மண்டலம், எந்தச் சூக்தம் என்று கேளுங்கள்.

மீண்டும் அவரே: நாடகத்தை எல்லாம் பிரமாணமாக எடுக்க முடியாது. சுருதியில், அதாவது வேதத்திலேயே காட்டுங்கள்.

நியாயமான கேள்வி. வேள்விகளை விளக்கும் வேத நூலான சதபத பிராமணம், மூன்றாம் காண்டம். சோம வேள்விக்குத் தீட்சை பெற்றவன் பசுவையும் எருதையும் உண்ணக்கூடாது என்கிறது. காரணமும் சொல்கிறது: மற்ற உயிர்களின் வலிமையை எல்லாம் தேவர்கள் இவை இரண்டிலும் வைத்தார்கள், ஆகவே இவற்றை உண்பவன் எல்லாவற்றையும் உண்டவன் ஆவான். மிக அழுத்தமான தடை. அடுத்த வரியிலேயே, இளசாக இருந்தால் நான் உண்பேன் என்று யாக்ஞவல்கிய முனிவர் சொன்னதாக முடிகிறது. "இளசாக" என்று நான் பெயர்த்த சொல்லுக்கு வேறு பொருள் கூறுவோரும் உண்டு. தடையும் மீறலும் ஒரே பத்தியில் இருப்பதைத்தான் நான் பார்க்கச் சொல்கிறேன்.

வேறொருவர்: பார்த்தீர்களா, பிராமணர்கள் எல்லோரும் தின்றார்கள், பௌத்தத்தோடு போட்டி போடத்தான் விட்டார்கள். அம்பேத்கர் எழுதியிருக்கிறார்.

1948-இல் எழுதினார், படிக்க வேண்டிய வாதம். ஆனால் "எல்லோரும்" என்பது உங்கள் சேர்க்கை. பௌத்தத்தின் பங்கு பெரியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுத்தநிபாதம் என்ற பௌத்த நூலில் புத்தரே பழைய பிராமணர்களைப் புகழ்கிறார்: தாய், தந்தை, உடன்பிறந்தார் போலப் பசுக்கள் நம் நண்பர்கள், உணவும் வலிமையும் தருபவை என்று எண்ணி அவர்கள் கொல்லாதிருந்தார்கள், பிறகு பேராசையால் அரசனைத் தூண்டி வேள்வியில் கொன்றார்கள் என்கிறார். பசுவைத் தாய்க்கு ஒப்பிடும் வாதம் அங்கேயே இருக்கிறது. ஆனால் அசோகரின் ஐந்தாம் தூண் சாசனத்தில் கொல்லக்கூடாத உயிர்களின் நீண்ட பட்டியலில் பால் தரும் ஆடும் பன்றியும் உண்டு. பசுவுக்கென்று தனி வரி இல்லை. வெறும் பௌத்தப் போட்டி என்றால் இது இடிக்கிறது.

மரபு இந்தச் சிக்கலைத் தன் வழியில் அவிழ்த்தது. முன் யுகங்களில் செல்லும், கலியில் செல்லாது என்று இடைக்கால தர்ம நூல்கள் ஒரு விலக்குப் பட்டியல் போட்டன. ஒரு சுலோகத்தில் ஐந்து: குதிரை பலி, பசு பலி, துறவறம், திதியில் இறைச்சிப் பிண்டம், கணவனின் தம்பி மூலம் பிள்ளை பெறுதல். முன்னோர் செய்தது தவறு என்று சொல்லவும் வேண்டாம், நாம் செய்யவும் வேண்டாம். கெட்டிக்காரத்தனம்தான்! ஆனால் துறவறமும் அதே பட்டியலில் இருக்கிறதே? அதை யாரும் பொருட்படுத்தவில்லை, மடங்கள் பெருகின. ஆகவே சுலோகம் போட்டதால் பசு புனிதமாகவில்லை. சமூக மனம் ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ந்திருந்த இடத்தில் சுலோகம் பலித்தது. மாடு மேய்த்த கண்ணன் ஊரெல்லாம் பரவியிருந்ததும் அந்தச் சாய்வுக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இந்திரனுக்குப் பூசை வேண்டாம், நமக்கு மலையும் மாடுமே போதும் என்று பாகவதத்தில் நந்தகோபனிடம் வாதாடுபவன் அவன்.

வேத காலம் பற்றி முதலில் கேட்டவர்: யாக்ஞவல்கியர் வரி இடைச்செருகலாக இருக்கலாமே?

இருக்கலாம் என்று எல்லா வரிக்கும் சொல்லலாம். சான்று கொண்டு வாருங்கள், பேசுவோம்.

கேள்வி: பசுவுக்குள் எத்தனை தேவர்கள்?

மேலே.

கேள்வி: தமிழனுக்கும் கோமாதாவுக்கும் என்ன தொடர்பு? எல்லாம் வடக்கிலிருந்து இறக்குமதி.

புறநானூறு 9-இல் போருக்கு முன் பசுக்களையும் பார்ப்பனரையும் பெண்களையும் பிணியாளரையும் அரண் தேடிப் போகச் சொல்கிறான் பாண்டியன். 34-இல் பசுவின் மடியை அறுத்தவனுக்கும் கழுவாய் உண்டு, நன்றி கொன்றவனுக்கு இல்லை என்கிறார் ஆலத்தூர் கிழார். கொடுமையின் உச்சத்துக்கு அவருக்குக் கிடைத்த உவமை பசு. அதே காலத்து அகநானூற்றில் கொழுத்த பசுவைத் தின்னும் மழவர் என்ற வீரர்களும் வருகிறார்கள். நம் ஊரிலும் கதை ஒரே கோட்டில் போகவில்லை.

கேள்வி: எந்த மாநிலத்தில் பசுவதைத் தடை, எவ்வளவு தண்டனை?

அரசியலமைப்பின் 48-ஆவது பிரிவு வழிகாட்டும் கொள்கை மட்டுமே. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: அப்பா காலமாகிவிட்டார். கோதானம் செய்யாவிட்டால் வைதரணி ஆற்றைத் தாண்ட மாட்டார் என்கிறார்கள். நாங்கள் அடுக்குமாடியில் இருக்கிறோம். பசுவுக்கு எங்கே போவது?

இறந்தவர் பசுவின் வாலைப் பிடித்து அந்த ஆற்றைக் கடக்கிறார் என்பது கருட புராணத்து நம்பிக்கை. பசுவுக்கு ஈடாக ஒரு தொகை கொடுப்பது இன்று பரவலான வழக்கம். உங்கள் புரோகிதரிடம் கேளுங்கள், தயங்காமல் சரி என்பார். பெரிய தொகை கேட்டால் வேறு புரோகிதரைப் பாருங்கள்.

உயிருள்ள பசுவையே தருவதானால் ஒன்று கவனியுங்கள். கடோபநிடதத்தில் நசிகேதனின் தந்தை தானம் கொடுத்த பசுக்களைப் பற்றி ஒரு வரி வரும்: குடிக்க வேண்டிய நீரைக் குடித்து முடித்தவை, தின்ன வேண்டிய புல்லைத் தின்று முடித்தவை, கறந்து முடித்தவை, ஈனும் சக்தி போனவை. இப்படிக் கொடுப்பவன் இன்பமில்லாத உலகுக்குப் போவான் என்று சிறுவனே நினைக்கிறான். இன்றும் கறவை வற்றிய மாட்டைக் கோயிலில் கட்டிவிட்டுப் புண்ணியக் கணக்கு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவர் தீவனம் போடக்கூடியவரா, இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி: பசு மூச்சில் பிராணவாயுவை வெளிவிடுகிறதாமே?

இல்லை. அடுத்த முறை பார்க்கலாம்.