கோர்ட்டில் விடுதலை, பாக்டரியில் வேலைநீக்கம்: என்கொயரி பற்றிக் கேள்வி பதில்

கோத்தகிரியிலிருந்து ஒரு சகோதரி: ஐயா, என் வீட்டுக்காரர் டீ பாக்டரியில் பேக்கிங் செக்‌ஷன். தூள் திருடினார் என்று போலீஸ் கேஸ் போட்டார்கள். கோர்ட் விடுதலை செய்துவிட்டது. ஆனாலும் வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். தாள்களை அனுப்பியிருக்கிறேன். இது எப்படிச் செல்லும்?

அம்மா, எல்லாவற்றையும் படித்தேன். தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் 'சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை' என்று இருக்கிறது. அவர் எடுக்கவில்லை என்று கோர்ட் எங்கும் சொல்லவில்லை. போலீஸ் நிரூபிக்கவில்லை என்றுதான் சொல்கிறது. பொருளைக் கைப்பற்றியபோது போலீஸ் எழுதிய பறிமுதல் மகஜரில் கையெழுத்துப் போட்ட இருவரும் கோர்ட்டில் பேச்சை மாற்றிப் பிறழ்சாட்சி ஆகிவிட்டார்கள். தேயிலைத் தூள் எந்தக் கடையிலும் கிடைப்பது, அது இந்த பாக்டரித் தூள்தான் என்பதற்கும் அங்கே யாரும் சாட்சி சொல்லவில்லை. குற்ற வழக்கில் நியாயமான சந்தேகம் ஒன்று மிஞ்சினாலே விடுதலைதான்.

என்கொயரி என்பது பாக்டரியே நடத்தும் உள்விசாரணை. அதில் கேட்கப்படுவது வேறு. எடுத்திருக்க வாய்ப்பு அதிகமா, எடுக்காமலிருக்க வாய்ப்பு அதிகமா? தராசு ஒரு பக்கம் சற்றே இறங்கினாலும் போதும். உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று பாருங்கள். வாட்ச்மேன் நேரில் வந்து, சாப்பாட்டுப் பையில் இரண்டு பாக்கெட் பார்த்ததாகச் சொன்னார், குறுக்கு விசாரணையிலும் மாறவில்லை. அன்று இரவே கேட் ரிஜிஸ்டரில் எழுதியிருக்கிறார். பாக்கெட் இரண்டும் பிராண்ட் அச்சடிக்காத உள்பை. அது பாக்டரிக்கு வெளியே விற்பனைக்கு வருவதில்லை என்று ஸ்டோர் கீப்பர் சாட்சி சொன்னார். உங்கள் வீட்டுக்காரரோ 'கடையில் வாங்கினேன்' என்றார். எந்தக் கடை என்று சொல்லவில்லை, கடைக்காரரையும் அழைக்கவில்லை. கோர்ட்டில் மாறிய மகஜர் சாட்சிகள் இங்கே யாருக்கும் தேவைப்படவே இல்லை.

தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண்ணிடம் தவறாக நடந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரர் சமுத்திரம் வழக்கும் இந்த மாதிரிதான். சாட்சிகள் மாறியதால் கோர்ட்டில் விடுதலை. ஆனால் வேலைநீக்கம் செல்லும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

குன்னூர், எஸ்டேட் ஆபீஸ் கிளார்க்: என்கொயரிக்கு சாட்சியச் சட்டம் பொருந்தாது என்பது எங்களுக்குத் தெரியும். அப்படியானால் அந்த ஆள்மீது நம்பிக்கை போய்விட்டது என்று மேனேஜர் சொன்னாலே போதும்தானே?

முதல் வரி சரி, தம்பி. அடுத்தது சரியில்லை. சாட்சியச் சட்டத்தின் கண்டிப்பான விதிகள் பொருந்தாது என்றால் சாட்சியமே வேண்டாம் என்று ஆகாது. எவ்வளவு பலமான சந்தேகமும் நிரூபணத்தின் இடத்தில் உட்கார முடியாது, உள்விசாரணையிலும் கூட. இதை 1963-இல் எச்.சி. கோயல் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மேலே சொன்ன கோத்தகிரி விஷயத்திலேயே பாருங்கள். சார்ஜ் மெமோவில் இரண்டாவது குற்றச்சாட்டு, பேக்கிங் அறை இருப்பில் 12 கிலோ குறைவு, அதையும் இவரே எடுத்தார் என்பது. அதற்கு வைத்தது ஸ்டாக் புத்தகம் ஒன்றுதான். முந்தைய இருப்பு எடுத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அறைச் சாவி மூன்று ஷிப்டுக்கும் பொது. புத்தகம் எழுதியவர் சாட்சிக்கே வரவில்லை. குறைவு உண்மையாகவே இருக்கலாம், ஆனால் இவர் கையை நோக்கி எதுவும் போகவில்லை. இரண்டு பாக்கெட் எடுத்தவர் 12 கிலோவும் எடுத்திருப்பார் என்று விசாரணை அதிகாரி எழுதியது வெறும் ஊகம். என்னைக் கேட்டால் முதல் குற்றச்சாட்டு நிற்கும், இரண்டாவது நிற்காது. வேலைநீக்க உத்தரவு இரண்டையும் சேர்த்துத்தான் போடப்பட்டிருக்கிறது, தண்டனை அதிகம் என்று வாதாட அங்கே இடம் இருக்கிறது.

ஊட்டி, பஸ் கண்டக்டர்: காசு வாங்கி டிக்கெட் கொடுக்கவில்லை என்று என்மேல் சார்ஜ். அந்தப் பயணிகளில் ஒருவரைக்கூட என்கொயரிக்குக் கூப்பிடவில்லை. கேஸ் தானாகவே விழுந்துவிடும் என்கிறார்கள் நண்பர்கள்.

விழாது, அண்ணா. அரியானாவில் ரத்தன் சிங் என்ற கண்டக்டருக்கு 1977-இல் இதேதான் நடந்தது. பயணிகளை விசாரிக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் என்கொயரி கெட்டுவிடாது என்றது உச்ச நீதிமன்றம். பயணி சொன்னதாகச் செக்கிங் இன்ஸ்பெக்டர் சொல்வது கேள்விப்பட்ட சாட்சியம்தான். ஆனால் அது நம்பும்படியும் விஷயத்தோடு ஒட்டியும் இருந்தால் என்கொயரியில் எடுத்துக்கொள்ளலாம்.

அதனால் பயணிகளை விட்டுவிட்டு இன்ஸ்பெக்டரைப் பிடியுங்கள். அவர் நேரில் வந்தாரா, அறிக்கையை மட்டும் அனுப்பினாரா? கடைசியாகக் கொடுத்த டிக்கெட் நம்பரைச் செக்கிங் நேரத்திலேயே குறித்தாரா? பையிலிருந்த பணத்தை எண்ணினாரா? எண்ணியிருந்தால், வசூலுக்கு மேல் பணம் இருந்ததா? பயணிகளிடம் காசு வாங்கியிருந்தால் அது பையில் இருந்திருக்க வேண்டும். இருந்ததா இல்லையா என்பதில்தான் உங்கள் கேஸ் நிற்கிறது.

கூடலூர்: எஸ்டேட் என்கொயரிக்குக் குறைந்தது எத்தனை சாட்சி வேண்டும்? இரண்டு என்று கேள்விப்பட்டேன்.

கணக்கே கிடையாது. குற்ற வழக்கிலும் இல்லை. ஒருவர் சொல்வது நம்பும்படி இருந்தால் போதும்.

கோத்தகிரி சகோதரி மறுபடியும்: அன்றிரவு மேனேஜர் ரூமில் உட்காரவைத்து 'எடுத்தேன்' என்று எழுதி வாங்கினார்கள், ஐயா. அதை முதலில் சொல்ல மறந்துவிட்டேன்.

முக்கியமான விஷயம், அம்மா. போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் என்றால் கோர்ட்டில் குற்றத்தை நிரூபிக்க அதை வைக்க முடியாது. மேனேஜரிடம் எழுதிக்கொடுத்த கடிதத்தை என்கொயரியில் வைக்கலாம். ஆனால் அதை யார் எழுதியது, எப்போது, யார் இருந்தார்கள் என்று நேரில் வந்து சொல்ல ஒருவர் வேண்டும். ரூப் சிங் நேகி வழக்கில் (2008) ஒரு வங்கி ஊழியரை இப்படித்தான், போலீசிடம் கொடுத்ததாகச் சொன்ன வாக்குமூலத்தை வைத்து நீக்கினார்கள். தாளைக் கோப்பில் வைத்துவிட்டால் மட்டும் அது சாட்சியம் ஆகாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உங்கள் வீட்டுக்காரர் கடிதம் வேறு யாருடைய கையெழுத்திலோ இருக்கிறது, அவர் கீழே கையொப்பம் மட்டும். மறுநாளே 'மிரட்டி வாங்கியது' என்று எழுதிக்கொடுத்தாரா? அந்த நகல் இருந்தால் உடனே அனுப்புங்கள். ஆனால் அந்தக் கடிதம் இல்லாவிட்டாலும் வாட்ச்மேன் சாட்சியம் தனியே நிற்கிறது என்பதை மறைக்க நான் விரும்பவில்லை.

குந்தாவிலிருந்து ஒரு தொழிற்சங்கக்காரர்: தோழர், திருட்டுப் பட்டம் கட்டினால் அப்புறம் எந்த எஸ்டேட்டிலும் வேலை இல்லை. எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். லேட்டாக வந்ததற்கும் திருட்டுக்கும் ஒரே அளவு நிரூபணம் என்பது அநியாயம். கோர்ட் அளவுக்கே நிரூபிக்கச் சொல்லி வாதாட வேண்டும்.

உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் கோர்ட் அளவு என்று கேட்டால் தோற்றுவிடுவோம். குற்றச்சாட்டு கடுமையாக இருந்தால் அதே தராசிலும் கனமான சாட்சியம் வைக்க வேண்டும் என்று வாதாடலாம். சில விசாரணை அதிகாரிகள் ஏற்கிறார்கள், சிலர் காதிலேயே வாங்குவதில்லை. இதில் இன்னும் இழுபறிதான்.

அதே தோழர்: அப்படியானால் கோர்ட் விடுதலைக்கு ஒரு மதிப்பும் இல்லையா? பால் அந்தோணி ஜெயித்தாரே!

ஜெயித்தார், 1999-இல். கோலார் தங்கவயல் பாதுகாப்பு அதிகாரி அவர். வீட்டுச் சோதனையில் தங்கம் கிடைத்தது என்று கேஸ். அவர் இல்லாமலே என்கொயரி முடிந்தது. கோர்ட்டில் அந்தச் சோதனை நடந்ததே நிரூபணம் ஆகவில்லை. இரண்டு இடத்திலும் அதே சாட்சிகள், அதே சம்பவம். அதனால் வேலைநீக்கம் ரத்தானது. கோத்தகிரி வழக்கில் வாட்ச்மேனைப் போலீஸ் கோர்ட்டில் விசாரிக்கவே இல்லை, ஸ்டோர் கீப்பரும் என்கொயரிக்கு மட்டும்தான் வந்தார். அம்மா, இரண்டு இடத்துச் சாட்சிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். விடுதலைத் தீர்ப்பைவிட 12 கிலோ குற்றச்சாட்டும் அந்தக் கடிதமும்தான் உங்களுக்கு அதிகம் கைகொடுக்கும்.