பல்பு வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டை படத்தில் வெள்ளையாகவே தெரிய என்ன செய்வது?

"புதுசா வாங்கின வெள்ளைச் சட்டையை வீட்டுக்குள்ள போட்டோ எடுத்தா மஞ்சளா தெரியுது. எப்படிச் சரிசெய்யறது?"

ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்ய வேண்டும். எந்த நிறத்தை வெள்ளையாகக் கொள்வது என்று கேமராவுக்குச் சொல்லும் அமைப்பு அது. வார்ம் பல்பின் ஒளியில் சிவப்பும் மஞ்சளும் அதிகம், நீலம் குறைவு. வெள்ளைத் துணி விழும் ஒளியை அப்படியே திருப்பி அனுப்புவதால் அந்த மஞ்சளும் படத்தில் பதிகிறது. நம் கண் இதற்குத் தானே பழகிக்கொள்ளும்; கேமராவின் ஆட்டோ பெரும்பாலும் பாதிதான் திருத்தும். காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கிவிட்டு அரிசியை நிறுப்பது போலத்தான் இது: பல்பின் மஞ்சளை முதலில் கழித்துவிட வேண்டும்.

ஜன்னல் வெளிச்சம் கலந்தால் சட்டையின் ஒரு பக்கம் நீலமாகிவிடும், எனவே திரையை மூடிவிடுங்கள். போன் கேமராவின் ப்ரோ மோடில் WB என்றிருக்கும் ஒயிட் பேலன்ஸை 2700 முதல் 3000 K-க்குள் வையுங்கள்; K என்பது ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவு. எடுத்து முடித்த படம் என்றால், எடிட்டரில் டெம்பரேச்சரை நீலப் பக்கம் மெல்ல நகர்த்துங்கள். கண்ணை நம்பாமல் எண்ணைப் பாருங்கள்: எடிட்டரில் சட்டையின் RGB அளவு, அதாவது சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவு, 235, 214, 178 என்றிருந்தால் மஞ்சள், மூன்றும் ஏறக்குறைய 220 ஆனால் வெள்ளை. மடிப்பு நிழல்கள் நீலம் பூத்தால் அளவு மீறிவிட்டது, கொஞ்சம் பின்வாங்குங்கள்.

பிரைட்னஸைக் கூட்டினால் வெள்ளையாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் மஞ்சள் போகாது, துணியின் நெசவும் மடிப்பும்தான் அழியும்.