‘சரி’ என்றால் சம்மதமா?

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. பிறந்ததிலிருந்தே மூளை வளர்ச்சி குறைவு, ஐக்யூ 50 என்று சான்றிதழில் இருக்கிறது. குளிப்பது, உடுத்துவது, கடைக்குப் போவது எல்லாம் தானே செய்வான். ஒன்றரை வருஷமாகக் காதில் யாரோ திட்டுகிறார்கள் என்கிறான். சோற்றில் நான் விஷம் வைக்கிறேன் என்கிறான். மாத்திரையைத் துப்பிவிடுவதால் பொடித்துத் தயிர்சாதத்தில் கலந்து கொடுக்கிறேன். டாக்டர் இப்போது மாதம் ஒரு ஊசி போடலாம் என்கிறார். அவனைக் கேட்டால் ‘சரி’ என்கிறான், ஊசியைப் பார்த்ததும் கத்துகிறான். கலெக்டர் ஆபீஸில் வாங்கிய கார்டியன் சான்றிதழ் இருக்கிறது. அதைக் காட்டி நானே கையெழுத்துப் போட்டால் போதாதா? ‘அவனுக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா பார்க்க வேண்டும்’ என்கிறார்களே, அது என்ன?
– ஒரு தாய், திருச்சி மாவட்டம்

பதில்: போதாது அம்மா. உங்கள் கையில் இருப்பது 1999-ம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர் குழு கொடுத்த சான்றிதழ். அது அறிவு வளர்ச்சிக் குறைபாட்டுக்காகக் கொடுக்கப்பட்டது. காதில் குரல் கேட்பதும் விஷச் சந்தேகமும் வேறு நோய். அதற்கான சிகிச்சை 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. மூளை வளர்ச்சிக் குறைவை மட்டும் அந்தச் சட்டம் மனநோய் என்று சொல்வதில்லை. ஆனால் அந்தக் குறைவு உள்ளவருக்கு மனநோயும் வந்தால் சட்டம் அவருக்கும் பொருந்தும். அதன் 4-ம் பிரிவு, எல்லோருக்கும் தன் சிகிச்சையைத் தானே முடிவுசெய்யும் திறன் உண்டு என்ற இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் மகனும் அதில் அடக்கம். அவரால் முடியும்வரை வேறு யாருடைய கையெழுத்தும் அவருடைய சம்மதத்துக்கு ஈடாகாது. ஆஸ்பத்திரி உங்களை அலைக்கழிக்கவில்லை.

இந்தத் திறனுக்கும் ஐக்யூ எண்ணுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அது ஆளுக்குப் போடும் மதிப்பெண் இல்லை. ஒரு குறிப்பிட்ட முடிவுக்கு, ஒரு குறிப்பிட்ட நாளில் பார்ப்பது. வீட்டை விற்கும் பத்திரம் புரியாத ஒருவருக்கு ‘மாத்திரையா, ஊசியா’ என்பது நன்றாகப் புரியலாம். சட்டம் கேட்பது மூன்றுதான்: சொன்ன விஷயம் புரிகிறதா, செய்தால் என்ன ஆகும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று உணர்கிறாரா, தன் முடிவைப் பேச்சிலோ சைகையிலோ வேறு எப்படியாவதோ தெரிவிக்க முடிகிறதா. எளிய மொழியிலும் படங்கள் வைத்தும் விளக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. விளக்காமலே ‘புரியவில்லை’ என்று எழுதிவிட்டால் அந்த மதிப்பீடு செல்லாது என்று நீங்கள் கேள்வி கேட்கலாம். அவருடைய முடிவு மற்றவர்களுக்குத் தப்பாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் திறன் இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது.

இப்போது அந்த ‘சரி’. அறிவு வளர்ச்சி குறைந்தவர்கள் பலர் சின்ன வயதிலிருந்தே, ‘சரி’ என்று சொன்னால் பெரியவர்கள் விட்டுவிடுவார்கள் என்று பழகிப்போனவர்கள். அதனால் முதலில் அவருடைய ‘சரி’க்கு என்ன எடை என்று பார்க்க வேண்டும். பேச்சோடு பேச்சாக, ‘நாளைக்கு யானை மேல ஏறி டாக்டர்கிட்ட போலாமா?’ என்று கேளுங்கள். சிரித்தாலோ மறுத்தாலோ, கேள்வியைக் காதில் வாங்கிப் பதில் சொல்கிறார் என்று பொருள். அதற்கும் ‘சரி’ என்றால் ஆமாம்–இல்லை என்று பதில் வரும் கேள்விகளை அன்றைக்கு மூட்டைகட்டி வைத்துவிடுங்கள். ‘எது வேணும்?’ என்று இரண்டு பொருளைக் காட்டிக் கேட்பதே சரி. ஒரு பக்கம் மாத்திரை அட்டை, மறுபக்கம் ஊசி இல்லாத வெறும் சிரிஞ்ச். தொடச் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் கழித்து இடம் மாற்றி வைத்து, கேட்கும் வரிசையையும் மாற்றிக் கேளுங்கள். முதல்முறை ‘மாத்திரையா ஊசியா’ என்றதற்கு ஊசி, மறுமுறை ‘ஊசியா மாத்திரையா’ என்றதற்கு மாத்திரை என்றால், கடைசியாகக் காதில் விழுந்த சொல்லைத்தான் திருப்பிச் சொல்கிறார். இரண்டு முறையும் ஒரே பொருளைத் தொட்டு, இரண்டு நாள் கழித்தும் அதையே தொட்டால், அது அவருடைய விருப்பம் என்று நம்ப இடம் இருக்கிறது.

விளக்குவதும் ஒரே மூச்சில் கூடாது. நான்கு படம் போதும்: காதில் திட்டும் குரல், தினமும் மாத்திரை, காலண்டரில் மாதத்துக்கு ஒரு வட்டம் போட்ட ஊசி, ஊசி போட்ட இடத்தில் வலி. கை நடுங்கலாம், உடம்பு விறைப்பாக இருக்கலாம், தூக்கம் வரலாம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் பிறகு ‘அக்காவுக்கு நீ சொல்லிக் காட்டு’ என்று கேளுங்கள். ‘ஊசி போட்டா காதுல திட்டுறது நிக்கும், கை வலிக்கும், தினம் மாத்திரை வேணாம்’ என்று வந்தால் அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். நோயின் பெயர் அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

நேரமும் முக்கியம். மாத்திரை போட்டுத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நேரம் வேண்டாம். பல்வலி, மலச்சிக்கல், காதடைப்பு இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். சொல்லத் தெரியாத வலி எரிச்சலாகவும் அடமாகவும்தான் வெளியே வரும். குரல்கள் அதிகமாக இருக்கும் நாளில் கேட்டு அவர் தடுமாறினால், அது வளர்ச்சிக் குறைவின் அளவு இல்லை, நோயின் அளவு. அவசரம் இல்லை என்றால் இரண்டு வாரம் தள்ளிப்போட்டு மறுபடி கேட்கச் சொல்லலாம். இதற்கு உங்களால் மட்டும் கொடுக்கக்கூடிய ஒரு தகவல் டாக்டருக்கு மிகவும் தேவை: நோய் வருவதற்கு முன் அவர் எப்படி இருந்தார்? எத்தனை சாமான் நினைவில் வைத்து வாங்கிவருவார், மீதிச் சில்லறை எண்ணுவாரா, தனக்குத்தானே பேசுவது அப்போதே உண்டா? தனியாகப் பேசிக்கொள்வது சிலருக்குப் பிறந்ததிலிருந்தே உள்ள பழக்கம். அதை நோயின் குரலோடு சேர்த்து எண்ணிவிட்டால் மருந்தின் அளவு வீணாக ஏறும்.

ஊசியைப் பார்த்ததும் கத்துகிறார் என்றீர்கள். அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டும் ஒன்றல்ல. ‘வலிக்கும், வேணாம்’ என்றால் அது பயம். ஊசி என்றால் என்ன என்று தெரிந்துதான் மறுக்கிறார். திறனைக் குறைத்து எண்ண அது காரணம் ஆகாது. மரத்துப்போகச் செய்யும் கிரீம், தெரிந்த நர்ஸ், பிடித்த பாட்டு என்று குறைக்கப் பார்க்கலாம். ‘அதுல விஷம் இருக்கு, அம்மா கலந்துட்டாங்க’ என்றால் கதை வேறு. ஊசி எதற்கு என்பது புரிந்திருந்தும், அதைத் தன் விஷயத்தில் பொருத்திப் பார்க்க முடியாமல் சந்தேகம் குறுக்கே நிற்கிறது. அவர் சொன்ன வார்த்தையை அப்படியே ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ‘மறுத்தான்’ என்று மட்டும் சொன்னால் டாக்டரால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது.

தயிர்சாதத்துக்கு வருவோம். துப்பும் பிள்ளைக்கு வேறு எப்படிக் கொடுப்பது என்ற உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் ‘சோற்றில் ஏதோ கலக்கிறார்கள்’ என்பதே அவருடைய சந்தேகம், சோற்றில் ஏதோ கலந்தும் இருக்கிறது. கசப்போ வெள்ளைத் துகளோ ஒரு நாள் தட்டுப்பட்டால் போதும், அதற்குப் பிறகு உங்கள் வார்த்தையை அவர் நம்பக் காரணம் இருக்காது. பாதித் தட்டு மிச்சம் வைத்தால் பாதி மருந்தும் போயிற்று. மெதுவாகக் கரைய வேண்டிய சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. இதை டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் இந்த வாரமே சொல்லுங்கள். ‘மாத்திரை கேட்கவில்லை’ என்று நினைத்துத்தான் அவர் ஊசிக்கு மாறச் சொல்கிறாரோ என்னவோ. உண்மையில் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாமல் ஊசியின் அளவைத் தீர்மானிக்க முடியாது. மாத ஊசி தொடங்குமுன், அதே வகை மருந்து வாய்வழியாக ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பது வழக்கம். நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். வாயில் வைத்ததும் கரையும் மாத்திரை, சொட்டு மருந்து என்று வேறு வடிவங்கள் உண்டு. அவர் கண்ணெதிரில், ‘இது மருந்து’ என்று சொல்லிக் கொடுக்கும் வழிக்கு டாக்டரோடு பேசி மாறுங்கள்.

இனி, துணை நிற்பவர் யார்? மனநலச் சட்டத்தின் 14-ம் பிரிவில் ‘நியமனப் பிரதிநிதி’ என்று ஒருவர் உண்டு. வெள்ளைத் தாளில் ‘என் சிகிச்சை விஷயத்தில் இன்னார் எனக்குத் துணை’ என்று எழுதி, உங்கள் மகன் கையெழுத்தோ கைரேகையோ வைத்து, அந்த நபரும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் போதும். எப்போது வேண்டுமானாலும் அவர் ஆளை மாற்றலாம். அப்படி யாரையும் அவர் நியமிக்கவில்லை என்றால் உறவினர் என்ற முறையில் நீங்கள் அந்த இடத்துக்கு வருவீர்கள். ஆனால் இங்கே கொஞ்சம் யோசியுங்கள். சந்தேகத்தின் நடுவில் நீங்களே இருக்கிறீர்கள். விஷம் வைப்பதாக அவர் நினைக்கும் ஆளே ‘ஊசி நல்லது’ என்று சொன்னால் எடுபடாது. அவர் பயமில்லாமல் பக்கத்தில் உட்காரும் அக்காவோ, மாமாவோ, பள்ளி டீச்சரோ இருந்தால், தெளிவாக இருக்கும் ஒரு நாளில் இரண்டு மூன்று பேருடைய போட்டோவை வைத்து ‘டாக்டர்கிட்ட யார் கூட வரணும்?’ என்று கேளுங்கள். அவர் வேறு ஒருவரைக் காட்டினால் வருத்தப்படாதீர்கள். சமைப்பதும் பார்த்துக்கொள்வதும் உங்களிடமே இருக்கட்டும்.

பிரதிநிதி அவருக்குப் பதிலாகத் தீர்மானிப்பவர் இல்லை. விளக்கி, அவர் விருப்பத்தைக் கேட்டு, டாக்டரிடம் எடுத்துச் சொல்பவர். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, ஏறக்குறைய முழு உதவியும் தேவைப்படும் நிலையில் மட்டும் அவர் தற்காலிகமாகச் சம்மதம் கொடுக்கலாம். அந்த நிலை தொடர்கிறதா என்று மருத்துவர் 7 நாளுக்கு ஒருமுறை மறுபடி பார்த்துப் பதிவுசெய்ய வேண்டும்.

அப்படியும் மறுத்தால்? வெளிநோயாளியாக வந்தவரை நாலு பேர் பிடித்துக்கொண்டு மாதாமாதம் ஊசி போட இந்தச் சட்டத்தில் வழி இல்லை. உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற அவசர நிலையில் 94-ம் பிரிவு இடம் கொடுக்கிறது, அதுவும் 72 மணி நேரம்வரைதான். தன்னைத் தாக்கிக்கொள்வது, மற்றவர்களை அடிப்பது, விஷ பயத்தில் சாப்பாட்டையே நிறுத்தி உடம்பு மோசமாவது என்ற அளவுக்குப் போனால் 89-ம் பிரிவின்படி பிரதிநிதி விண்ணப்பித்துச் சேர்க்கலாம். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணர் அல்லது மருத்துவரும் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். அதிகபட்சம் 30 நாள். இப்படிச் சேர்த்தது முறையா என்று பார்க்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு 7 நாளுக்குள் தகவல் போக வேண்டும். சேர்த்தது தவறு என்று உங்கள் மகனும் அந்த வாரியத்தில் முறையிடலாம். அவர் சாப்பாட்டை ஒதுக்க ஆரம்பித்திருந்தால் எடையை வாரம் ஒருமுறை குறித்துவையுங்கள். பரிசோதிப்பவர்களுக்கு அது உதவும்.

பேங்க் கணக்கு, நிலம் போன்றவற்றை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சிகிச்சைக்கான மதிப்பீடு சொத்துக்குச் செல்லாது. அங்கேதான் உங்கள் கார்டியன் சான்றிதழுக்கு வேலை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், ஒரு குறிப்பிட்ட முடிவுக்கும் காலத்துக்கும் மட்டுமான வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் ஏற்பாடும் உண்டு.

அடுத்த முறை போகும்போது மூன்று தாள் எடுத்துப் போங்கள்: நோய்க்கு முன் அவர் செய்துவந்த வேலைகள் ஒன்றில், ஊசி பற்றி அவர் சொன்ன வார்த்தைகள் தேதியோடு ஒன்றில், எந்த நாள் எத்தனை மாத்திரை உண்மையில் உள்ளே போனது என்பது ஒன்றில். மதிப்பீட்டுக்கு என்று தனியாக அரை மணி நேரம் கேளுங்கள். கூட்டமான ஓ.பி. வரிசையில் ஐந்து நிமிடத்தில் இது நடக்காது.