மடிக்கணினியின் பெஞ்ச்மார்க் எண்கள்: கேள்வி பதில்

செல்வி: ஐயா, கல்லூரியில் சேரும் மகளுக்கு மடிக்கணினி பார்க்கிறோம். ஒன்றில் i5-1235U, 10 கோர். மற்றதில் i5-12450H, 8 கோர். இரண்டுக்கும் உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ். 10 கோர் உள்ளதே மேல் என்கிறார் கடைக்காரர். ஆனால் மல்டி கோர் ஸ்கோரில் 8 கோர் உள்ளதுதான் முந்துகிறது. எதை நம்புவது?

பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனை தரும் அந்த ஸ்கோரை நம்புங்கள் அம்மா, ஆனால் அது ஏன் அப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டு நம்புங்கள். கோர் என்பது செயலிக்குள் தனித்தனியே வேலை செய்யும் ஒரு பகுதி. 1235U செயலியின் 10 கோர்களில் வேகமான பெரிய கோர்கள் 2 மட்டுமே, மீதி 8 மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் சிறிய கோர்கள். 12450H செயலியில் பெரியவை 4, சிறியவை 4. அதைவிட முக்கியமான வேறுபாடு மின்சாரத்தில் இருக்கிறது. இன்டெல் நிறுவனம் 1235U செயலிக்கு அடிப்படையாக 15 வாட்டும், 12450H செயலிக்கு 45 வாட்டும் குறித்திருக்கிறது. எல்லாக் கோர்களும் சேர்ந்து நெடுநேரம் உழைக்கும்போது 15 வாட்டைப் பத்துக் கோர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருப்பதால், எந்தக் கோரும் தன் உச்ச வேகத்தை நெருங்க முடியாது.

சிங்கிள் கோர் ஸ்கோர் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரே ஒரு கோர் ஓடும்போது மின்சாரம் பெரிய தடையாக இருப்பதில்லை, ஆகவே இரண்டுமே 4.4 கிகாஹெர்ட்ஸ் அருகே போய்விடுகின்றன. இணையத்தில் படிப்பது, கட்டுரை எழுதுவது, கணக்குத் தாள் போடுவது ஆகியவற்றில் கணினி உடனுக்குடன் பதில் கொடுப்பதைப் பெரிதும் தீர்மானிப்பது இந்தச் சிங்கிள் கோர் வேகம்தான். மகளின் வேலை இவ்வளவுதான் என்றால், மல்டி கோர் ஸ்கோரில் தெரியும் பெரிய இடைவெளியை அவர் அன்றாடம் உணரப் போவதில்லை. குறைந்த மின்சாரத்தில் ஓடும் 1235U போதும். வீடியோ தொகுப்பதும் பெரிய நிரல்களைக் கட்டுவதும் பாடத்தில் உண்டென்றால் 12450H வாங்குங்கள்.

இந்த ஸ்கோர்கள் சொல்லாத ஒன்றையும் பார்த்துவிடுங்கள். செயலிக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸில் நிலைமை தலைகீழ்: 1235U செயலியில் 80 கிராபிக்ஸ் அலகுகள், 12450H செயலியில் 48. ஆனால் அந்த 80 அலகுகளுக்கும் தீனி போட, ரேம் இரண்டு சேனல்களில், அதாவது தரவு போய்வரும் இரண்டு பாதைகளில், இருக்க வேண்டும். ஒற்றை ரேம் மட்டும் போட்டு விற்கும் 1235U கணினியில், Iris Xe என்று வரவேண்டிய இடத்தில் UHD Graphics என்றே பெயர் காட்டும். செயலி ஸ்கோரை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது.

முருகேசன்: சார், என் 1235U லேப்டாப்பில் சினிபெஞ்ச் ஆர்23 என்ற சோதனையை ஒரு முறை ஓட்டினால் 8,600 வருகிறது. அதையே 10 நிமிடம் ஓட்டினால் 6,200க்கு இறங்கிவிடுகிறது. பழுதான இயந்திரத்தைத் தள்ளிவிட்டார்களா?

பழுது என்று முடிவு கட்டாதீர்கள். அந்த இரண்டு எண்களும் உண்மையானவை, ஆனால் அவை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். இந்தச் செயலி தொடக்கத்தில் சிறிது நேரத்துக்கு மட்டும் 55 வாட் வரை எடுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அந்த அவகாசம் அரை நிமிடம் அளவில் இருக்கும், உற்பத்தியாளர் அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். அவகாசம் முடிந்ததும் செயலி 15 வாட்டுக்கோ, உற்பத்தியாளர் சற்று உயர்த்தி வைத்திருந்தால் 20 அல்லது 25 வாட்டுக்கோ இறங்கி, அங்கேயே நின்றுவிடும். உங்கள் 8,600 அந்தத் தொடக்க வேகம் கலந்த எண். 6,200 உங்கள் கணினி மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் வேகத்துக்கு நெருக்கமான எண். சோதனை எத்தனை நிமிடம் ஓடியது என்று கேட்காமல் எந்த ஸ்கோரையும் ஒப்பிடாதீர்கள்.

இறக்கத்துக்குக் காரணம் மின்வரம்பா, சூடா என்று பிரித்தறியவும் வழி இருக்கிறது. HWiNFO என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு 10 நிமிடச் சோதனையை ஓட்டுங்கள். அதில் CPU Package Power என்ற வரியையும் செயலியின் வெப்பநிலையையும் மட்டும் பாருங்கள். வாட் ஒரே எண்ணில் அசையாமல் நின்று, வெப்பநிலை 65, 70 டிகிரியில் இருந்தால், அது உற்பத்தியாளர் வைத்த மின்வரம்பு. கணினியுடன் வந்த மென்பொருளில் செயல்திறன் நிலையைத் தேர்ந்தெடுத்தால் அந்த வரம்பு உயரக்கூடும். மாறாக, வெப்பநிலை 95 டிகிரியைத் தாண்டி 100ஐ நெருங்கி, வாட் ஏறி இறங்கித் தள்ளாடினால், குளிர்விக்கும் அமைப்பு திணறுகிறது என்று பொருள். விசிறியில் தூசி அடைந்திருக்கிறதா, கணினியை மெத்தைமேல் வைத்து ஓட்டினீர்களா என்று பார்த்த பிறகும் அப்படியே இருந்தால், அப்போது கடைக்காரரிடம் போகலாம். சோதிக்கும்போது சார்ஜர் செருகியிருக்க வேண்டும். பேட்டரியில் ஓட்டினால் பல கணினிகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

தினேஷ்: கீக்பெஞ்ச் என்ற சோதனையில் சிங்கிள் கோர் 1,800 வந்தது. நல்ல ஸ்கோரா?

எந்தப் பதிப்பு என்று சொல்லவில்லையே. கீக்பெஞ்ச் 5இல் 1,000 என்பது இன்டெல் Core i3-8100 செயலியை வைத்து நிர்ணயித்த அளவு. கீக்பெஞ்ச் 6இல் 2,500 என்பது இன்டெல் Core i7-12700 செயலியை வைத்து நிர்ணயித்த அளவு. அடிக்கோல் மாறிவிட்டதால் ஒரு பதிப்பின் எண்ணை இன்னொன்றின் எண்ணுடன் வைத்துப் பார்க்கக் கூடாது. ஒரே பதிப்புக்குள் மட்டும் இரட்டிப்பு ஸ்கோர் என்றால் இரட்டிப்பு வேகம் என்று கொள்ளலாம். சினிபெஞ்ச்சிலும் இதே கதைதான்: ஆர்23இல் ஆயிரக்கணக்கில் எடுத்த கணினி, 2024 பதிப்பில் நூற்றுக்கணக்கில் எடுக்கும்.

பாலா: நான் முப்பரிமாண அனிமேஷன் செய்பவன். 8 கோரிலிருந்து 16 கோருக்கு மாறினேன். சினிபெஞ்ச்சில் ஏறக்குறைய இரு மடங்கு, கீக்பெஞ்ச் 6 மல்டி கோரில் அதில் பாதி ஏற்றம்கூட இல்லை. கீக்பெஞ்ச் 6 தவறான சோதனை என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

உங்கள் அளவீடு சரி, முடிவு பாதிதான் சரி. கீக்பெஞ்ச் 5 ஒவ்வொரு கோருக்கும் அதே வேலையின் தனிப் பிரதியைக் கொடுத்தது, ஆகவே கோர் கூடக் கூட எண்ணும் சீராக ஏறியது. 2023இல் வந்த 6ஆம் பதிப்பு ஒரே வேலையை எல்லாக் கோர்களுக்கும் பிரித்துக் கொடுத்து, முடிந்ததைச் சேர்த்து, பிந்தியவருக்காக மற்றவர்களைக் காத்திருக்கவும் வைக்கிறது. சமையற்கட்டில் ஒரே குழம்புக்கு எட்டுப் பேர் நின்றால் எட்டு மடங்கு சீக்கிரம் கொதிக்காது. பெரும்பாலானோர் பயன்படுத்தும் மென்பொருள்கள் இந்த வகையில்தான் நடந்துகொள்கின்றன. உங்கள் வேலையில் ஒரு படம் கட்டம் கட்டமாகப் பிரிந்து, ஒவ்வொரு கட்டமும் மற்றதைச் சாராமல் முடிகிறது. சினிபெஞ்ச் செய்வதும் அதேதான். உங்களுக்கு அதுவே சரியான சோதனை.

ஃபாத்திமா: இதில் நான் குறுக்கிடுகிறேன். நான் பெரிய சி++ நிரல்களைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றுபவள், அதாவது கம்பைல் செய்பவள். எங்கள் வேலையில் நூற்றுக்கணக்கான கோப்புகள் தனித்தனியே கம்பைல் ஆகின்றன, அங்கே 16 கோரும் நன்றாக உழைக்கின்றன. கடைசியில் எல்லாவற்றையும் இணைக்கும் கட்டத்தில் பெரும்பாலும் ஒரு கோர்தான் ஓடுகிறது. ஆகவே இரண்டு சோதனைகளுமே என் வேலையைக் காட்டுவதில்லை.

மிகச் சரியாகச் சொன்னீர்கள், நான் விட்டுவிட்ட இடைப்பட்ட நிலை இதுதான். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கீக்பெஞ்ச் 6 தரும் ஒற்றை எண்ணுக்குக் கீழே உட்பிரிவுகளின் எண்கள் தனித்தனியே இருக்கின்றன. அவற்றில் Clang என்பது கம்பைல் செய்யும் சோதனை. மொத்த எண்ணைவிட அந்த ஒரு வரி உங்களுக்குப் பயன்படலாம். அதைவிடவும் நல்லது, உங்கள் நிரலையே இரண்டு கணினிகளிலும் கட்டி, நேரத்தைக் குறித்துக்கொள்வது.

பாலா: அப்படியானால் மல்டி கோர் என்று பெயர் வைத்து ஒற்றை எண்ணை வெளியிடுவதே புதியவர்களைக் குழப்புகிறது அல்லவா? 16 கோர் வீண் செலவு என்று நினைத்துவிடுவார்கள்.

குழப்புகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சினிபெஞ்ச்சை மட்டும் பார்த்து, கடிதம் எழுதுவதற்கும் திரைப்படம் பார்ப்பதற்கும் 16 கோர் கணினி வாங்கிச் செலவழித்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டு தவறுகளில் எது பெரியது என்பதில் நீங்களும் நானும் உடன்பட மாட்டோம் என்று நினைக்கிறேன். வரிசையில் மற்றவர்கள் இருப்பதால் இங்கே நிறுத்துவோம்.

ராஜன்: செல்பேசி ஸ்கோர்கள் எல்லாமே மோசடி என்கிறார்களே?

எல்லாம் அல்ல, ஆனால் சந்தேகத்துக்கு வரலாறு உண்டு. 2013இல் சாம்சங் கேலக்ஸி எஸ்4 செல்பேசியின் எக்ஸினோஸ் செயலி உள்ள வகையில், கிராபிக்ஸ் அலகு சில பெஞ்ச்மார்க் மென்பொருள்களுக்கு மட்டும் 532 மெகாஹெர்ட்ஸிலும் மற்றவற்றுக்கு 480இலும் ஓடியதை ஆனந்த்டெக் தளம் சோதித்து வெளியிட்டது. 2022இல் அதே நிறுவனத்தின் செல்பேசிகள் விளையாட்டுகளின் வேகத்தைக் குறைத்துவிட்டு, பெஞ்ச்மார்க் மென்பொருள்களை மட்டும் தொடாமல் விட்டது தெரியவந்ததால், கீக்பெஞ்ச் தளம் எஸ்10 முதல் எஸ்22 வரையிலான பல மாதிரிகளைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. இரண்டு நிகழ்விலும் பொய்த்தது எண் அல்ல. செல்பேசி சோதனையின்போது நடந்துகொண்டபடி மற்ற நேரத்தில் நடந்துகொள்ளவில்லை. 3டிமார்க் மென்பொருளின் வைல்டு லைஃப் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் 20 நிமிடம் ஓடும். அதில் முதல் சுற்றின் எண்ணையும் கடைசிச் சுற்றின் எண்ணையும் பாருங்கள். மடிக்கணினிக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: எத்தனை நிமிடம் ஓடியது என்று கேளுங்கள்.

கௌரி: என் அம்மாவின் கணினிக்கு நல்ல ஸ்கோர் என்று சொல்லித்தான் வாங்கினோம். தட்டச்சு செய்யும்போதே நின்று நின்று வருகிறது.

இது செயலியின் பெஞ்ச்மார்க் சார்ந்த கேள்வி அல்ல என்றே நினைக்கிறேன். டாஸ்க் மேனேஜரில் Disk என்ற பத்தி நெடுநேரம் 100 சதவீதத்தில் நின்றால், பெரும்பாலும் உள்ளே பழைய வகை ஹார்டு டிஸ்க் இருக்கும், அல்லது ரேம் போதாமல் இருக்கும். செயலி எவ்வளவு வேகமானாலும் தரவு வரும்வரை காத்துத்தான் ஆக வேண்டும்.

பிரகாஷ்: ஆர்23இல் 15,000 வந்தது, நல்லதா?

எத்தனை நிமிடம் ஓடியது, எத்தனை வாட்டில் நின்றது? முருகேசனுக்குச் சொன்ன பதிலைப் படித்துவிட்டு இந்த இரண்டு விவரத்துடன் வாருங்கள்.

விமலா: 50,000 ரூபாய்க்குள் அதிக ஸ்கோர் உள்ள மடிக்கணினி எது?

அதிக ஸ்கோர் எதில், எந்த வேலைக்கு என்று தெரியாமல் ஒரு பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். செல்விக்குச் சொன்ன பதிலில் இரண்டு கணினிகளை ஒப்பிட்ட முறை இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த இரண்டை அதேபோல் வைத்து, ரேம் ஒன்றா இரண்டா என்பதையும் கேட்டுக்கொண்டு எழுதினால், கட்டாயம் விரிவாகப் பதில் சொல்கிறேன்.