டிவி ஹெட்போன் ஜாக்கும் பழைய ஸ்பீக்கரும்

"டிவியின் ஹெட்போன் ஜாக்கில் தாத்தாவின் பழைய ஸ்பீக்கர் பெட்டிகளைச் செருகினால் சத்தம் ஏன் முணுமுணுப்பாக வருகிறது? டர்பன், சாட்ஸ்வொர்த்."

ஹெட்போன் ஜாக் என்பது காதோடு ஒட்டியிருக்கும் சிறு கருவிக்கான 3.5 மி.மீ. துளை. அதில் வருவது சில மில்லிவாட் மின்திறன்தான். கம்பி முனையை மாட்டும் பழைய மரப்பெட்டி ஸ்பீக்கருக்குச் சில வாட்டாவது வேண்டும். சொட்டுகிற குழாய் தம்ளரை நிரப்பும், தோட்டத்துக்குப் பாயாது.

அந்த மின்திறனைக் கூட்டித் தரும் தாத்தாவின் ஆம்ப்ளிஃபயர் பரணில் இருந்தால் இறக்கி, ஸ்பீக்கர் கம்பிகளை அதில் மாட்டுங்கள். ஒருமுனை 3.5 மி.மீ., மறுமுனை சிவப்பு, வெள்ளை என்று பிரியும் கேபிளை எடுத்து, ஒருமுனையை டிவியின் ஹெட்போன் ஜாக்கிலும் மறுமுனையை ஆம்ப்ளிஃபயரின் ‘ஆக்ஸ்’ துளைகளிலும் மாட்டுங்கள். ‘ஃபோனோ’வில் வேண்டாம், அது இசைத்தட்டுக்கானது, ஒலி கரகரக்கும். அப்புறம் டிவி ஒலியைப் பாதிக்கு மேல் வைத்து, ஆம்ப்ளிஃபயரில் கூட்டிக் குறையுங்கள்.

டிவிக்குப் பின்னால் உள்ள சிவப்பு, வெள்ளைத் துளைகள் ஒலியை வெளியே அனுப்பும் என்று பலர் நினைக்கிறார்கள். ‘ஏவி இன்’ என்றிருந்தால் அவை டிவிடி பிளேயர் போன்றவற்றிலிருந்து ஒலியை உள்ளே வாங்க மட்டுமே.