தோசை மாவு அரைக்கிறதா, வாங்குறதா?

கடிதம்:

வணக்கம் அக்கா. செந்தூல்ல ரெண்டு சாப்பாட்டுக் கடை நடத்துறேன். ரெண்டுக்கும் சேர்த்து தோசை இட்லி மாவு ஒரு கடையோட பின்ரூம்ல அரைக்கிறோம், மாசம் 3000 கிலோ. எங்க அக்கவுண்டன்ட் கிலோவுக்கு 3.90 வெள்ளி ஆகுதுன்னு கணக்கு கொடுத்திருக்கார். அரிசி உளுந்து 1.70, கரண்ட் தண்ணி 0.20, அரைக்கிறவர் சம்பளம் 0.70, மெஷின் தேய்மானம் 0.10, கடை வாடகையில அந்த ரூமோட பங்கு 0.90, மேனேஜர் சம்பளத்துல பங்கு 0.30. இப்போ ஒரு சப்ளையர் 3.20க்கு கடைக்கே கொண்டு வந்து தர்றேன்னு சொல்றார். மாசம் 2100 வெள்ளி மிச்சம். மெஷின் ரெண்டு வருஷம் முன்ன 18,000 கொடுத்து வாங்கினது, அதுதான் மனசு கேக்கல. என்ன செய்யலாம்?

ஒரு வாசகர், செந்தூல்

பதில்:

தம்பி, வணக்கம்.

அந்த 3.90 தப்பான கணக்குன்னு சொல்ல மாட்டேன். கடையோட மொத்த செலவுல மாவு எவ்வளவு தூக்குதுன்னு பார்க்க அது சரியான எண்தான், தோசைக்கு விலை வைக்கும்போதும் உதவும். ஆனா நீங்க கேக்குற கேள்விக்கு அந்த எண்ணை வச்சு பதில் சொன்னா காசு போயிடும். ஒவ்வொரு வரியா எடுத்துக்கிட்டு, நாளைக்கு மாவு அரைக்கிறதை நிறுத்தினா இந்த காசு என் கையை விட்டு போகாம நிக்குமான்னு மட்டும் கேளுங்க. நிக்கும்னா அந்த வரி கணக்குல இருக்கணும், ரெண்டு வழியிலயும் போகத்தான் போகுதுன்னா எடுத்துடுங்க.

அரிசி உளுந்து நிக்கும், சந்தேகமே இல்ல. கரண்டும் நிக்கும், ஆனா கிரைண்டர் இழுக்கிற அளவுக்குத்தான், மாவு வைக்கிற சில்லர் வாங்கின மாவுக்கும் ஓடத்தான் செய்யும், அதனால அந்த 20 சென்ல சில்லரோட பங்கும் சேர்ந்திருக்கான்னு ஒரு தடவை கேட்டுக்கோங்க, இப்போதைக்கு சேரலன்னு வச்சுக்குறேன்.

வாடகை நிக்காது. நீங்க அரைக்கலன்னு கடை ஓனர் 2700 வெள்ளி குறைச்சுக்க மாட்டார், அதே வாடகைதான், பேப்பர்ல மாவுக்கு எழுதின பங்கை அடுத்த மாசம் சோத்துக்கும் கறிக்கும் எழுதுவாங்க, அவ்வளவுதான். மேனேஜர் சம்பளமும் அப்படித்தான்.

மெஷின் தேய்மானம்தான் நிறைய பேர் சிக்குற இடம். 18,000 போனது போனதுதான், அரைச்சாலும் திரும்பாது, வாங்கினாலும் திரும்பாது. மாசம் 300ன்னு கழிச்சு ரெண்டு வருஷத்துல புத்தகத்துல 10,800 நிக்கும், ஆனா அந்த எண்ணுக்கும் இந்த முடிவுக்கும் சம்பந்தம் இல்ல. செகண்ட் ஹேண்டா வித்தா இன்னைக்கு என்ன கிடைக்கும், அதுதான் வேணும். 4000 கிடைச்சா வாங்குற பக்கத்துல ஒரே ஒரு தடவை வர்ற 4000, அதோட விஷயம் முடிஞ்சது. 6800 நஷ்டம்னு மனசு அடிச்சுக்கும், அந்த காசு போனது மெஷின் வாங்கின அன்னைக்கு.

இப்போ சம்பளம், மாசம் 2100. இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும், பேப்பர் சொல்லாது. மாவு அரைக்கிறவர் உண்மையிலேயே வேலையை விட்டு போவாரா, இல்ல வெங்காயம் உரிக்க, பாத்திரம் கழுவ கடையிலயே இருப்பாரா? பர்மிட்ல இருக்கிற வெளிநாட்டு ஆளா இருந்தா இந்த வருஷத்துக்கு கட்டின லெவியும் மெஷின் காசு மாதிரிதான், கட்டியாச்சு. ஆனா அடுத்த ரினியூவலுக்கு இன்னும் கட்டலையே, அப்போ அது நிறுத்தக்கூடிய செலவா மாறிடும். பர்மிட் முடியிற நேரத்துல இந்த முடிவை எடுத்தா கணக்கு வேற மாதிரி வரும்னு சொல்றது அதனாலதான்.

அவர் போயிடுவார்னே வச்சுக்குவோம். 1.70, 0.20, 0.70 சேர்த்தா கிலோவுக்கு 2.60, மாசத்துக்கு 7800. சப்ளையருக்கு கொடுக்கப் போறது 9600. மாசம் 2100 மிச்சம்னு நினைச்சது 1800 நஷ்டமா நிக்குது பாருங்க. அவர் கடையிலயே இருந்துட்டா நிறுத்துற செலவு வெறும் 5700தான், நஷ்டம் 3900க்கு போயிடும். மெஷினை வித்து வர்ற 4000, 1800 நஷ்டத்தை ரெண்டு மாசம் கொஞ்சம் தாங்கும், 3900 நஷ்டத்தை ஒரு மாசம்தான், அதுக்கு மேல தாங்காது.

உங்க மாவு அளவு பெருசுங்கிறதும் இதுல ஒரு காரணம். சம்பளம் 2100 வெள்ளி, அது கிலோ கணக்குல ஏறி இறங்காது, அரிசி உளுந்து கரண்ட் சேர்ந்த 1.90தான் கிலோவோட போகும். சப்ளையர் விலைக்கும் அதுக்கும் 1.30 வித்தியாசம், 2100ஐ 1.30ஆல வகுத்தா சுமார் 1615 கிலோ. அதுக்குக் கீழ ஓடுற கடையா இருந்து, ஆளையும் நிறுத்த முடியும்னா வாங்குறதுதான் மலிவு. ரெண்டுல ஒரு கடையை மூடுற யோசனை இருந்தா இதை மறந்துடாதீங்க.

சரி, வாடகைப் பங்கை தூக்கிப் போட்டாச்சு, ஆனா அந்த ரூமை தூக்கிப் போட முடியாது. அது காலியானா என்ன செய்வீங்கன்னு கடிதத்துல எழுதவே இல்ல, எனக்கு ரொம்ப முக்கியமா படுறது அதுதான். சும்மா மூட்டை அடுக்கப் போறீங்கன்னா மேல சொன்ன பதில்தான், அரைங்க. ஆனா பலகாரம் போடுற யாரோ ஒருத்தர் அந்த ரூமுக்கு மாசம் 2200 தர்றேன்னு வந்தா, உள்வாடகைக்கு விட ஓனரும் சம்மதிச்சா, மாவு அரைக்கிறதுனால நீங்க மாசாமாசம் 2200 இழக்குறீங்க, அதை கணக்குல போட்டே ஆகணும். அப்போ வாங்குறதோட செலவு 9600ல 2200 கழிச்சு 7400, அரைக்கிறதுக்கு 7800. வாங்குறதுல மாசம் 400 லாபம், அதுவும் ஆள் போனா மட்டும். 2700ஐயும் 2200ஐயும் ரெண்டுமே ரூம் காசுதானேன்னு குழப்பிக்காதீங்க. முன்னது எப்படியும் நீங்க கட்டப் போற காசு, பின்னது அரைச்சா உங்க கைக்கு வராம போற காசு.

இந்த 400ஐ நம்பி குதிக்கிறதுக்கு முன்ன ஒண்ணு பாருங்க. 3000 கிலோவுக்கு 400 வெள்ளின்னா கிலோவுக்கு 13 சென்தான். சப்ளையர் 3.35ன்னு ஏத்தினா அந்த லாபம் போச்சு, அரிசி விலை ஏறினா அவரும் ஏத்தத்தான் செய்வார் (உங்களுக்கும் ஏறும்தான், ஆனா உங்க அரிசியை நீங்க தேடி வாங்கலாம், அவர் விலையை அவர்தான் வைப்பார்). அந்த நேரத்துல திரும்பி அரைக்கலாம்னா மெஷின் வித்தாச்சு, ஆள் போயாச்சு, புது பர்மிட் நினைச்ச நேரத்துல கிடைக்கிற சாமான் இல்ல. மாவு புளிச்சு வந்தா யார் பொறுப்பு, அந்த கிலோவுக்கு காசு கழிப்பாரான்னும் கேளுங்க, நம்ம ஊர் சூட்டுல லாரி ரெண்டு மணி நேரம் ஜாம்ல நின்னாலே பொங்கிடும்.

அதனால முதல்ல ரூமுக்கு உண்மையிலேயே ஆள் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா அரைக்கிறதை நிறுத்துற பேச்சே வேண்டாம். இருந்தா, 3.20ஐ ஒரு வருஷத்துக்கு எழுத்துல கேளுங்க, முதல் மூணு மாசம் மெஷினை விக்காதீங்க. அரைக்கிறதையே தொடர்ந்து, தைப்பூசம், தீபாவளி நேரத்துல உங்க மெஷின் தாங்காம ஓவர்டைம் போகுதுன்னா, அந்த கூடுதல் மாவை மட்டும் அவர்கிட்ட வாங்கிப் பாருங்க. அப்போ ஒப்பிட வேண்டியது அவர் 3.20ஐ, உங்களோட 1.90 கூட்டல் அந்த ஓவர்டைம் சம்பளத்தோட மட்டும்தான்.